கோயிலுக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கு அறிவிப்புப் பலகை எழுதுவது எப்படி: உடையும் படம் எடுத்தலும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலில் தொண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகத்தில் யாராவது கூப்பிட்டு, "டூரிஸ்டுங்க அரைக்கால் சிலுவாரோட வர்றாங்க, அம்பாள் முன்னாடி போனை நீட்டுறாங்க. நல்லா ஒரு போர்டு எழுதிக் குடுப்பா" என்பார். எனக்கு இந்த வேலை அப்படித்தான் வந்தது. அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். நான்கு மொழிகளில் ஒன்பது விதிகள், மேலே சிவப்பு மையில் பெரிய தலைப்பு. வாசலில் மாட்டினோம். யாரும் படிக்கவில்லை. படித்த ஒன்றிரண்டு பேர் முகம் வாடித் திரும்பிப் போனார்கள். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது அதே வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எழுத உட்காருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: வருகிறவர் எங்கிருந்து வருகிறார்? நம்மூரில் இதற்குப் பதில் ஒரு தெருவிலேயே இருக்கிறது. பழைய பிட் தெரு, இன்றைய ஜாலான் மஸ்ஜிட் கப்பிட்டான் கெலிங், அதன் வழியாக நடந்து பாருங்கள். 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்ச தூரத்தில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், அப்புறம் 1833-லிருந்து நிற்கும் மகா மாரியம்மன் கோயில், அதைத் தாண்டிக் கப்பிட்டான் கெலிங் பள்ளிவாசல். ஒரே காலை நடையில் ஒருவர் நான்கையும் பார்த்துவிடலாம். தேவாலயத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், ஆனால் காலணியோடு போகலாம். குவான் யின் கோயிலிலும் காலணியோடுதான் எல்லாரும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பள்ளிவாசலில் காலணியைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும், தொழுகை நேரத்தில் பார்வையாளர் காத்திருக்க வேண்டும். நம் வாசலில் சிலிப்பரோடு படியேறுகிறவர் அம்மனை மதிக்காமல் ஏறவில்லை. பத்து நிமிடம் முன்பு இன்னொரு தெய்வத்தின் வாசலில் அது சரியாக இருந்தது, அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பலகையில் கண்டிக்கும் தொனி தானாக வராது.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை எழுதுவது இல்லை, நிற்பது. ஒரு சனிக்கிழமை காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை வாசலில் நின்று, வருகிறவர்களின் கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று பாருங்கள். நான் நின்றபோது கண்டது இது. தெருவிலிருந்து வருகிறவர் முதலில் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். போன் மேலே போகிறது. அந்த நேரத்தில் தலைக்கு மேலே கம்பிக் கதவில் மாட்டிய எதுவும் அவர் கண்ணில் படாது. அப்புறம் செருப்பு அலமாரியைப் பார்த்து நின்று, குனிந்து, வாரை அவிழ்க்கிறார். அப்போதுதான் கண் கீழே வருகிறது. அந்த அரை நிமிடம்தான் அவர் ஏதாவது படிக்கக்கூடிய நேரம். உள்ளே போனதும் கொடிமரம் வரை சும்மா நடக்கிறார். மகாமண்டபத்தின் முதல் தூணருகே வந்து விளக்கொளியில் அம்மன் தெரிந்ததும், கை தன்னாலே பைக்குப் போகிறது.

ஆக, பேச வேண்டிய இடம் மூன்று. உடை பற்றிய சொல், செருப்பு அலமாரிக்கு முன்னால் வர வேண்டும். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, படியேறிய பிறகு "இந்த உடையில் வரக் கூடாது" என்றால் யாருக்கும் மனம் நோகும். பத்துமலையை நினைத்துப் பாருங்கள்: 272 படிகளின் உச்சியில் உடை பற்றிய பலகை இருந்தால் யாருக்குப் பயன்? அங்கே படிக்கட்டின் அடியிலேயே துணி கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் கோயிலுக்கு மூன்றே படிதான், ஆனாலும் நியாயம் ஒன்றுதான். காலணி பற்றிய சொல் அலமாரியிலேயே, குனிந்தவர் கண் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில். படம் எடுப்பது பற்றிய சொல் அந்த முதல் தூணில். எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடைத்து வாசலில் மாட்டியதுதான் என் முதல் தவறு.

அடுத்த வேலை, எது விதி என்று முடிவு செய்வது. இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். குருக்களையும் நிர்வாகத்தையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கோபுரத்தைப் படம் எடுக்கலாமா? வெளிப்பிரகாரம்? மண்டபத்துக் கூரை ஓவியம்? உற்சவர் வீதியுலா வரும்போது? எங்கள் கோயிலில் மூலவரையும் அபிஷேகத்தையும் தவிர மற்றதெல்லாம் சரி என்று முடிவாயிற்று. உங்கள் கோயிலில் வேறாக இருக்கலாம். தோல் பெல்ட், தோல் பை கூடாது என்னும் கோயில்கள் உண்டு. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்னும் கோயில்களும் உண்டு. பக்கத்துக் கோயில் பலகையைப் பார்த்து எழுதினால் இதெல்லாம் குழம்பும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு சங்கடமான கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: இதே விதி நமக்கும் உண்டா? எங்கள் கூட்டத்தில் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் வெள்ளிக்கிழமை அபிஷேகத்தை நேரலையில் போடுகிறவர்களே நம் ஆட்கள்தான். மாலையில் பந்து விளையாடிவிட்டு அரைக்கால் சிலுவாரோடு திருநீறு பூச வருகிறவர்களும் நம் பிள்ளைகள்தான். வெளியூர்க்காரருக்கு மட்டும் ஒரு சட்டம் எழுதினால் அவர் அதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வார். "அவர் எடுக்கிறாரே" என்று ஒரு சுற்றுப்பயணி கைகாட்டிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசியில் குருக்கள்தான் முடித்துவைத்தார்: கருவறை முன் யாருக்கும் போன் இல்லை, உபயக்காரர் குடும்பத்துக்கும் இல்லை. நம்மால் காப்பாற்ற முடியாத விதியைப் பலகையில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

காரணம் சொல்ல வேண்டுமா? அரை வாக்கியம் போதும், ஆனால் சொல்ல வேண்டும். ஏன் மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு ஆகமத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் பலர் பல காரணம் சொல்வார்கள். சுற்றுப்பயணிக்கு எது புரியும் என்று நான் தேடினேன். எங்கள் குருக்கள் சொன்னது அப்படியே பதிந்துவிட்டது. கும்பாபிஷேகம் ஆன பிறகு உள்ளே இருப்பதைச் சிலை என்று நாம் நினைப்பதில்லை. அம்மா குடியிருக்கிறாள். காலையில் எழுப்புகிறோம், நீராட்டுகிறோம், திரை போட்டு உடுத்திவிடுகிறோம், இரவில் நடை சாத்தி உறங்க வைக்கிறோம். "உடை மாற்றுகிறவங்களை யாராச்சும் படம் எடுப்பாங்களா?" என்றார். இதைக் கேட்ட எந்த நாட்டுக்காரரும் மறு கேள்வி கேட்டதில்லை. உடனே போனை இறக்கிவிடுகிறார்கள். நீண்ட விளக்கத்தைப் பலகையில் எழுத முடியாது, ஆனால் நேரில் கேட்பவருக்குச் சொல்ல இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்போது எழுத்து. நான் முதலில் எழுதியதில் ஒரு வரி: "கண்ணியமற்ற உடையில் நுழையத் தடை." அதில் இரண்டு கோளாறு. கண்ணியம் எது என்று அதில் இல்லை. வெயில் ஊரில் கையில்லாத சட்டை போட்டவர் தன்னைக் கண்ணியமற்றவர் என்று நினைத்துக்கொண்டா வீட்டிலிருந்து புறப்பட்டார்? படித்தால் என்ன செய்வது என்று தெரியாது, ஆனால் வைதார்கள் என்பது மட்டும் தெரியும். உடம்பை அளவாக வைத்துச் சொல்லுங்கள்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்களை மட்டும் குறிப்பிடும் வரியை எடுத்துவிடுங்கள். அரைக்கால் சிலுவாரோடு வருகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதை வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

மலாய் வரியில் இன்னும் கவனம் வேண்டும். "டிலாராங்" என்ற சொல் நமக்கு எங்கெல்லாம் பழக்கம்? "டிலாராங் மெரோக்கோக்", "டிலாராங் மாசோக்". புகைக்கக் கூடாது, நுழையக் கூடாது. அது அபராதம் போடுகிறவர்களின் சொல். கோயில் வாசலில் "சிலா" போதும்: "சிலா தங்கால்கான் காசுத்", தயவுசெய்து காலணியைக் கழற்றுங்கள். சீனத்தில் எழுதும்போது எளிய எழுத்து வடிவத்தையே போடுங்கள். நம் நாட்டுச் சீனப் பள்ளிகளிலும் அதுதான், சீனாவிலிருந்து வருகிறவர்களும் அதைத்தான் படிக்கிறார்கள். ஒரு மொழியில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் மற்ற மூன்றிலும் மாற்றாதீர்கள். அந்தந்த மொழி பேசுகிற ஒருவரிடம் "உங்கள் வீட்டு வாசலில் விருந்தாளிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்குச் சீன வரியை எழுதித் தந்தவர் தெருமுனைக் கோப்பிக் கடைக்காரர். காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு சொல்லை அடித்து வேறு எழுதினார். நாங்கள் வைத்திருந்த சொல் கிடங்குக் கதவில் எழுதுகிற மாதிரி இருந்ததாம்.

இப்போது எங்கள் கோயிலில் இருக்கும் தமிழ் வரிகளை அப்படியே தருகிறேன். வாசலில்:

"வணக்கம், வாருங்கள். இங்கே தினமும் பூசை நடக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் உள்ளே வரலாம். சுற்றிக்கொள்ளத் துணி இந்தக் கொக்கியில் இருக்கிறது, கட்டணம் இல்லை."

அலமாரியில்:

"காலணியை இங்கே விட்டுவிட்டு வாருங்கள். கால் கழுவக் குழாய் இடப்பக்கம்."

தூணில்:

"இதுவரை படம் எடுக்கலாம். இதற்கு அப்பால் கேமராவும் போனும் பைக்குள் இருக்கட்டும். அம்மனை நேரில் நின்று பார்ப்பதே இங்கே வழக்கம். கும்பிடுகிறவர்களைப் படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்."

"இதுவரை எடுக்கலாம்" என்று தொடங்குவதைக் கவனியுங்கள். எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னால், எங்கேயிருந்து கூடாது என்பது அவருக்குத் தெரியாது. ஒருவர் கோபுரத்தைக்கூட எடுக்காமல் போவார், இன்னொருவர் சன்னிதி வரை வந்து எடுப்பார். எல்லையைக் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாகக் காட்டிவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும். எங்களுக்குத் தூண். உங்களுக்கு ஒரு படியாகவோ வெங்கல மணியாகவோ இருக்கலாம். தரையில் மஞ்சள் கோடு போட்டுப் பார்த்தோம். கூட்டத்தில் அது காலடியில் மறைந்துவிட்டது.

துணி வைக்கிறோம் என்று எழுதினால் துணி இருக்க வேண்டும். நாங்கள் முதலில் வைத்தது மூட்டிய கைலி, பக்கத்துக் கடைத்தெருவிலேயே வாங்கியது. கைலி கட்டத் தெரியாதவர் அதற்குள் நுழைந்து இடுப்பில் சுருட்டிக்கொள்வார். பிரகாரம் பாதி சுற்றுவதற்குள் அவிழும். ஒரு பெரியவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நவக்கிரகத்தைச் சுற்றியதைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மதிப்போடு வந்த மனிதரை நாமே சங்கடப்படுத்திவிட்டோம். அப்புறம் மூட்டிய தையலைப் பிரித்து, மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு நாடா வைத்துத் தைத்தோம். சுற்றி முடிச்சுப் போட்டால் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் நிற்கும். தோளுக்குத் தனியாகச் சால்வை வேண்டும். இதை மறந்ததால், நீளப் பாவாடையும் கையில்லாத மேல்சட்டையுமாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்க எங்களிடம் கைலி மட்டும் இருந்தது. கழுத்தைச் சுற்றிக் கைலியைப் போர்த்திக்கொண்டு அவர் உள்ளே போனார். இப்போது பன்னிரண்டு கைலியும் எட்டுச் சால்வையும் வைத்திருக்கிறோம். எங்கள் அளவுக் கோயிலுக்கு அது போதும். துவைத்தது கொக்கியில், கட்டியது கூடையில். இரண்டும் கலந்துவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள், ஆகவே மாலைப் பூசைக்கு முன் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றிரண்டு துணி போகும். போகட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். எழுத்தின் உயரம்: மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் படிக்க இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும். தமிழும் சீனமும் கோடுகள் நெருக்கமானவை, அவற்றுக்குச் சற்றுக் கூட்டுங்கள். நான்கு மொழிக்கும் இந்த அளவில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். தெருவைப் பார்த்த பலகை என்றால் ஆணி அடிப்பதற்கு முன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். மரபுச் சின்னப் பகுதியில் பழைய சுவரைத் துளைப்பது நம் இஷ்டம் இல்லை.

இரண்டாவது, சிவப்பு மை. என் பழைய பலகையில் கேமரா படம் ஒன்று, அதன்மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் போட்டிருந்தேன். மேற்குப் பார்த்த சுவர். வெயிலில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், கறுப்பு அப்படியே நிற்கும். ஓர் ஆண்டுக்குள் வட்டமும் கோடும் தேய்ந்து, கறுப்புக் கேமரா மட்டும் பளிச்சென்று மிஞ்சியது. ஒரு நாள் ஒரு குடும்பம் அதன் அடியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கும் இடம் இதுதான் என்று பலகை சொல்வதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. குறுக்குக் கோட்டையும் கறுப்பிலேயே போடுங்கள். இல்லையென்றால் கோட்டை அட்டையில் வெட்டி எடுத்து ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் தெருவில் நின்று பார்த்து, எது மங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பலகையை மாட்டும் முன் ஒரு சோதனை. காகிதத்தில் அச்சடித்து அதே இடத்தில் ஒட்டி, கோயிலுக்கே வந்திராத ஒருவரை நடந்து வரச் சொல்லுங்கள். அவர் உள்ளே போய்த் திரும்பியதும் மூன்று கேள்வி: எதை மூட வேண்டும், துணி எங்கே, எதுவரை படம் எடுக்கலாம். ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் அந்த வரியை மாற்றுங்கள். எங்களுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

அப்படியும் சிலர் சன்னிதி முன் போனை உயர்த்துவார்கள். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் அறிவிப்பில் சேர்ந்ததுதான். தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். லென்ஸுக்கு முன் கையை நீட்டாதீர்கள், அவர் கையைத் தொடவே தொடாதீர்கள். பக்கத்தில் போய் நின்று, கை கூப்பி, அவர் திரும்பியதும் புன்னகைத்து, திறந்த உள்ளங்கையால் தூணைக் காட்டுங்கள். விரல் நீட்டிக் காட்ட வேண்டாம். மலாய்க்காரர்கள் பெருவிரலால் காட்டுவதும் இதற்காகத்தான். பெரும்பாலும் அதற்கே "சாரி" என்று இறக்கிவிடுவார்கள். எடுத்துவிட்ட படத்தை அழிக்கச் சொல்லி நிற்காதீர்கள், அது சண்டையில்தான் முடியும். ஒரே ஒரு விலக்கு உண்டு: கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணையோ, மொட்டை போட்டு அழும் குழந்தையையோ எடுத்திருந்து, அந்த வீட்டார் மனம் சங்கடப்பட்டால், அவர்கள் சார்பாகப் பணிவாகக் கேளுங்கள். முக்காலி, பெரிய விளக்கு, ட்ரோன், கல்யாண ஜோடி என்று வருகிறவர்களோடு நீங்கள் பேச வேண்டாம். அலுவலகத்தைக் காட்டிவிடுங்கள், அது நிர்வாகத்தின் முடிவு.

திருவிழா நாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். அன்று செருப்பு அலமாரியைத் தெரு வரை இழுத்துப் போடுவோம், வாசல் பலகை தோரணத்துக்குப் பின்னால் போய்விடும், தூணைச் சுற்றி ஆள் நிற்பார்கள். காவடி எடுப்பவர்களையும் பால்குடம் தூக்குபவர்களையும் படம் எடுக்க அன்றுதான் நிறையப் பேர் வருவார்கள். மூன்று அறிவிப்பையும் அட்டையில் தனியாக அச்சடித்து, தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும்படி கம்பில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். காவடிக்கு முன்னால் இரண்டு கை தூரம் விட்டு நிற்கும்படியும், அருள் வந்து நிற்பவர் முகத்தருகே பிளாஷ் அடிக்காதபடியும் நான்காவது அட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதை முதல் நாள் இரவே கம்பில் கட்டிவிட வேண்டும். விடிகாலையில் கயிறு தேட நேரம் இருக்காது.